தசையைத் துளைக்கும் நரம்பு, ஒதுங்கி ஓடும் தமனி: மேற்கையை விரலால் தொட்டு அறியும் முறை

கடந்த தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, பிரிக்பீல்ட்ஸில் நான் பணிபுரியும் பிசியோதெரபி நிலையத்துக்கு 26 வயது இளைஞர் ஒருவர் வந்தார். மஸ்ஜித் இந்தியா பகுதியில் கம்பளமும் திரைச்சீலைத் துணியும் விற்கும் கடையில் வேலை. பண்டிகைக் கூட்டத்துக்காக நான்கு நாட்கள் தொடர்ந்து கம்பளச் சுருள்களை வலது தோளில் வைத்து, கையை மடக்கி அவற்றை அணைத்தபடி மாடிக்கும் வண்டிக்கும் சுமந்திருக்கிறார். ஐந்தாம் நாள் காலையில் தேநீர்க் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

"அக்கா, வலி ஒன்றும் இல்லை. ஆனால் கை என் பேச்சைக் கேட்க மறுக்கிறது. இந்த இடமும் மரத்துப்போயிருக்கிறது" என்று சொல்லி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் கட்டைவிரல் பக்கத்தை இடது கையால் தடவிக் காட்டினார். எங்களிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் அதைக் கழுத்துப் பிரச்சினை என்று சொல்லி, கழுத்துப் பட்டை கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அவர் தடவிக் காட்டிய அந்த நீளப் பட்டையே விடையில் பாதியைச் சொல்லிவிட்டது. மீதிப் பாதி, மேற்கையில் எது எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தவருக்குத்தான் புலப்படும். அந்த வழியை உங்கள் கையிலேயே தொட்டுப் பார்க்கும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தாதியர் பயிற்சி மாணவர்களுக்கும் எங்கள் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கும் நான் கற்றுக்கொடுக்கும் வரிசையும் இதுதான். படத்தில் பார்த்த தசை மறந்துபோகும், விரல் தொட்ட தசை மறப்பதில்லை என்பது என் அனுபவம்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். உள்ளங்கை முன்னோக்கி இருக்கும்படி கையைத் தொங்கவிடுங்கள். உடலை ஒட்டிய பக்கத்தை உள்பக்கம் என்றும், கட்டைவிரல் இருக்கும் பக்கத்தை வெளிப்பக்கம் என்றும் சொல்கிறேன். தோளிலிருந்து முழங்கை வரை மேற்கை, அதற்குக் கீழே முன்கை.

முதல் படி: காக்கை அலகைக் கண்டுபிடியுங்கள்

காறை எலும்பின் வெளி முனையிலிருந்து அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்நோக்கி வாருங்கள். அங்கிருந்து ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் கீழே, தோள் தசையின் முன் ஓரத்துக்கு அடியில் விரல் நுனியால் ஆழமாக அழுத்துங்கள். கோலிக்குண்டு போல ஒரு கெட்டியான முனை தட்டுப்படும். சிலருக்கு அழுத்தினால் கொஞ்சம் வலிக்கும், அது இயல்புதான். தோள்பட்டை எலும்பிலிருந்து முன்னோக்கி நீண்டு வளைந்திருக்கும் இந்த முனை காக்கையின் அலகு போல இருப்பதால் கிரேக்கத்தில் அந்தப் பறவையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கொராகாய்டு என்பது அப்படி வந்த பெயர்.

இந்தச் சிறு முனையிலிருந்து இரண்டு தசைகள் ஒன்றாகக் கீழே இறங்குகின்றன. ஒன்று பைசெப்ஸ் தசையின் குறுந்தலை. இன்னொன்று கொராகோபிரேக்கியாலிஸ். இதைக் காக்கையலகுத் தசை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரும் பேசாத சிறிய தசை இது. மேற்கை எலும்பின் நடுப்பகுதியில், உள்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. கையை முன்னோக்கி உயர்த்தவும் உடலோடு சேர்க்கவும் உதவுகிறது. முழங்கையை அது தாண்டவே இல்லை, ஆகவே முழங்கையை மடக்குவதில் அதற்குப் பங்கும் இல்லை. இருந்தும் நம் கதையில் முக்கியப் பாத்திரம் அதுதான்.

அதைத் தொட வேண்டுமானால், கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்குங்கள். இன்னொருவர் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் கையை உடலை நோக்கி இறக்க முயலுங்கள். அக்குளின் வெளிச்சுவரில், பைசெப்ஸுக்குச் சற்றுப் பின்னால், கயிறு போல ஒரு வரம்பு எழும். அதுதான். அந்த வரம்புக்கு உடனே பின்னால் விரலை மெதுவாக வைத்தால் ஒரு துடிப்பு தெரியும். அந்தத் துடிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இரண்டாம் படி: மடக்கும் தசைகளைப் பிரித்தறிதல்

முழங்கையை மடக்குவது பைசெப்ஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுவாக இருப்பதால் வந்த எண்ணம் அது. உண்மையான உழைப்பாளி அதற்கு அடியில் படுத்திருக்கும் பிரேக்கியாலிஸ். மேற்கை எலும்பின் கீழ்ப்பாதியின் முன்பக்கத்தில் அது அகலமாகத் தொடங்கி, முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் மேல்முனையில் ஒட்டுகிறது. அந்த எலும்பு உருள்வதில்லை. ஆகவே உள்ளங்கை மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் பிரேக்கியாலிஸுக்கு ஒன்றுதான், அது ஒரே பலத்தோடு மடக்கும்.

பைசெப்ஸ் அப்படியல்ல. அதன் தசைநாண் கட்டைவிரல் பக்கத்து எலும்பில் ஒட்டுகிறது, அந்த எலும்பு உருளக்கூடியது. அதனால் பைசெப்ஸ் முழங்கையை மடக்குவதோடு, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது. இதை மேசை முன் அமர்ந்து சோதித்துப் பாருங்கள். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, மற்றக் கையால் பைசெப்ஸைப் பிடித்துக்கொண்டு, பூட்டில் சாவியைத் திருப்புவது போல உள்ளங்கையை மேலே திருப்புங்கள். முழங்கை அசையாதபோதும் பைசெப்ஸ் திரண்டு எழும். பின்பு உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டு மெதுவாக மடக்குங்கள். பைசெப்ஸ் அதிகம் திரளாது. அதன் இரு ஓரங்களிலும், முழங்கைக்கு நான்கு விரல் மேலே அழுத்தினால், அடியில் பிரேக்கியாலிஸ் இறுகுவது தெரியும்.

மூன்றாவதாக ஒரு மடக்கும் தசையும் உண்டு: பிரேக்கியோரேடியாலிஸ். கட்டைவிரல் மேலே பார்க்கும்படி முன்கையை வைத்து, எதிர்ப்புக்கு மாறாக மடக்கினால் முழங்கையின் வெளிப்பக்கத்தில் மேடிட்டு எழுவது அது. அது வேறு நரம்பின் குடி. அதற்கு உயிர் கொடுப்பது ரேடியல் நரம்பு. இந்த ஒரு செய்தி பின்னால் நமக்கு மிகவும் உதவும்.

மூன்றாம் படி: நரம்பின் வழி

காக்கையலகுத் தசை, பைசெப்ஸ், பிரேக்கியாலிஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரே நரம்புதான். கழுத்திலிருந்து வரும் ஐந்தாம், ஆறாம், ஏழாம் நரம்பு வேர்களின் இழைகள் அதில் சேர்கின்றன. தசைகளுக்கும் தோலுக்கும் சேர்த்துப் பணி செய்வதால் அதைத் தசைத்தோல் நரம்பு என்கிறோம்.

பெரும்பாலோரிடம் இந்த நரம்பு காக்கையலகுத் தசையைச் சுற்றிப் போவதில்லை. அதன் உடலைத் துளைத்துக்கொண்டே உள்ளே நுழைகிறது. நுழையும் இடம் காக்கை அலகிலிருந்து சராசரியாக 5 சென்டிமீட்டர் கீழே இருக்கும், ஆளுக்கு ஆள் சில சென்டிமீட்டர் மாறும். துளைத்து வெளியே வந்தபின் பைசெப்ஸுக்கும் பிரேக்கியாலிஸுக்கும் இடையிலான இடுக்கில், குறுக்காக வெளிப்பக்கம் நோக்கி இறங்குகிறது. போகிற போக்கில் இரண்டு தசைகளுக்கும் கிளைகளைக் கொடுக்கிறது. முழங்கைக்குச் சற்று மேலே பைசெப்ஸ் தசைநாணின் வெளிப்பக்கத்தில் எட்டிப் பார்க்கும்போது தசைகளுக்கான வேலை முழுவதும் முடிந்திருக்கும். அங்கிருந்து அது தோலுக்கு மட்டுமான நரம்பு. முன்கையின் வெளிப்பக்கத் தோலில் மணிக்கட்டு வரை, கட்டைவிரல் மேட்டின் அடிவரை உணர்வு தருகிறது. கட்டைவிரலுக்குள் போவதில்லை.

இந்த நரம்பை விரலால் உணர முடியாது. ஆகவே ஒரு பேனாவை எடுத்து, காக்கை அலகுக்கு மூன்று விரல் கீழே ஒரு புள்ளி வையுங்கள். முழங்கை மடிப்பில், பைசெப்ஸ் தசைநாணுக்கு வெளிப்பக்கம் ஒட்டி இன்னொரு புள்ளி வையுங்கள். இரண்டையும் இணைக்கும் சாய்வுக் கோடுதான் நரம்பின் ஏறக்குறையான பாதை. அந்தக் கோட்டை மணிக்கட்டு வரை நீட்டினால், கம்பளம் சுமந்த தம்பி தடவிக் காட்டிய இடத்தின் மேல்தான் அது ஓடும்.

நான்காம் படி: தமனியின் வழி

புயத் தமனி புதிதாக எங்கும் தொடங்குவதில்லை. அக்குள் வழியாக வரும் அதே குழாய், அக்குளின் பின்சுவரில் இருக்கும் டெரெஸ் மேஜர் தசையின் கீழ் ஓரத்தைத் தாண்டியதும் பெயர் மாறுகிறது. ஊர் எல்லையைத் தாண்டியதும் சாலைக்குப் பெயர் மாறுவது போலத்தான்.

முதல் படியில் உணர்ந்த துடிப்பிலிருந்து தொடங்குங்கள். கையைச் சற்று அகற்றித் தளர்த்தி வையுங்கள். மேற்கையின் உள்பக்கத்தில், முன்னால் பைசெப்ஸுக்கும் பின்னால் டிரைசெப்ஸுக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு. மூன்று விரல்களை அதில் வரிசையாக வைத்து, வெளிப்பக்கம் நோக்கி, அதாவது எலும்பின் மேல் மென்மையாக அழுத்துங்கள். துடிப்பு கிடைக்கும். விரல்களை இரண்டு சென்டிமீட்டராக நகர்த்திக்கொண்டே கீழே வாருங்கள். பாதி வழிக்குமேல் வந்ததும், தமனி எலும்பின் முன்பக்கத்துக்கு நகர்ந்திருப்பதை உணர்வீர்கள். அங்கே வெளிப்பக்கம் அழுத்தினால் துடிப்பு நழுவும், பின்னோக்கி அழுத்த வேண்டும். மாணவர்கள் துடிப்பைத் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தமனி திசை மாறியிருக்கும், அவர்கள் விரல் மாறியிருக்காது.

ஓர் எச்சரிக்கை. தமனியோடு சேர்ந்தே மீடியன் நரம்பும் வருகிறது. மேலே அது தமனியின் வெளிப்பக்கத்தில் இருக்கும். மேற்கையின் நடுவில் தமனியைக் குறுக்காகக் கடந்து உள்பக்கம் போய்விடும். ஆகவே நீங்கள் அழுத்தும்போது விரல்களில் மின்சாரம் பாய்வது போல இருந்தால், அழுத்தம் நரம்பின் மேல் விழுகிறது என்று பொருள். உடனே தளர்த்துங்கள்.

முழங்கை மடிப்புக்கு வந்ததும் பைசெப்ஸ் தசைநாணைப் பிடியுங்கள், கெட்டியான கயிறு போல நடுவில் இருக்கும். அதன் உள்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குள் தமனி துடிக்கும். தமனிக்கு உள்பக்கம் மீடியன் நரம்பு. தசைநாண், தமனி, நரம்பு என்று வெளியிலிருந்து உள்ளே போகும் இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. பைசெப்ஸிலிருந்து பிரிந்து உள்பக்கமாக ஓடும் ஒரு தட்டையான நார்ப்பட்டை தமனியின் மேல் போர்வை போலக் கிடக்கிறது. இரத்தம் எடுக்கும் சிரை அந்தப் போர்வைக்கு மேலே ஓடுகிறது, தமனி கீழே. அதற்கும் கீழே, மடிப்பைத் தாண்டியதும் தமனி இரண்டாகப் பிரிகிறது. கட்டைவிரல் பக்கம் போகும் கிளையின் துடிப்பைத்தான் மணிக்கட்டில் நாடி என்று பார்க்கிறோம். சிலரிடம் இந்தப் பிரிவு மேற்கையிலேயே நடந்துவிடும், ஒரு கிளை தோலுக்கு மிக அருகில் ஓடும். மடிப்பில் ஊசி போடுமுன் விரலால் துடிப்பைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இரத்த அழுத்தம் பார்ப்பவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்றே ஒன்று. ஸ்டெதாஸ்கோப்பை மடிப்பின் நட்டநடுவில், தசைநாணின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். அங்கே ஒலி மங்கலாகத்தான் கேட்கும். தசைநாணுக்கு உள்பக்கம் நகர்த்துங்கள். கையில் சுற்றும் அழுத்தப் பட்டையின் கீழ் ஓரம் மடிப்புக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும், காற்றுப்பையின் நடுப்பகுதி தமனியின் மேல் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: இரண்டு வழிகளையும் ஒன்றாகப் பார்த்தல்

இப்போது உங்கள் கையில் நரம்பின் கோடும் இருக்கிறது, துடிப்பின் தடமும் இருக்கிறது. இரண்டும் அக்குளில் பக்கத்துப் பக்கத்தில் தொடங்குகின்றன. நரம்பு காக்கையலகுத் தசையின் உள்ளே நுழைகிறது. தமனி அந்தத் தசைக்குள் நுழையாமல், அதன் உள்பக்க ஓரமாகவே ஒதுங்கிப் போகிறது. முழங்கைக்கு வரும்போது தசைநாணின் வெளிப்பக்கம் நரம்பு, உள்பக்கம் தமனி என்று இரண்டும் பிரிந்துவிட்டன.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. தசை நரம்பை நெரித்தால் தமனிக்கு ஒன்றும் ஆகாது, நாடி நன்றாக இருக்கும். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தால் கதை தலைகீழ். சிறுவர்கள் நீட்டிய கையை ஊன்றி விழும்போது ஏற்படும் முறிவு அது. மேல்துண்டின் கூர் முனை முன்னோக்கிக் குத்தி, தமனியையும் மீடியன் நரம்பையும் சிக்கவைக்கக் கூடும். தசைத்தோல் நரம்பு அநேகமாகத் தப்பிவிடும், பைசெப்ஸுக்கான கிளைகள் மேலேயே பிரிந்துவிட்டன. ஆகவே விளையாட்டுத் திடலில் விழுந்த குழந்தையின் முழங்கை வீங்கி, கை வெளுத்து, குளிர்ந்து, நாடி கிடைக்காமல் இருந்தால் கையை நேராக்க முயலாமல் இருக்கும் நிலையிலேயே தாங்கிப் பிடித்து உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். விரல்களை நீட்டிவிடும்போது தாங்க முடியாத வலி இருந்தாலும் அப்படித்தான். அங்கே மணிக்கணக்கில் காத்திருக்க நேரம் இல்லை.

ஆறாம் படி: தம்பியின் கையைச் சோதித்தது

முதலில் இரு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தேன். வடிவத்தில் வேறுபாடு இல்லை. பைசெப்ஸின் நாண் அறுந்திருந்தால் தசை ஒரு பக்கமாகச் சுருண்டு உருண்டை கட்டியிருக்கும், அறுந்த அந்த நொடியில் வலியும் இருந்திருக்கும். இரண்டும் இல்லை. மணிக்கட்டு நாடி இரு பக்கமும் சமம்.

பிறகு முழங்கையை மடக்கச் சொன்னேன். மடக்கினார், ஆனால் கட்டைவிரலை மேலே வைத்துக்கொண்டு. கழுத்தைப் பார்த்தவர்கள் ஏமாந்ததும் ஒருவேளை இங்கேதான். அந்த நிலையில் ரேடியல் நரம்பின் பிரேக்கியோரேடியாலிஸ் வேலை செய்துவிடும். உள்ளங்கையை முழுவதும் மேலே திருப்பி, என் கையின் எதிர்ப்புக்கு மாறாக மடக்கச் சொன்னபோது உண்மை தெரிந்தது. புவியீர்ப்பை எதிர்த்துக் கையைத் தூக்க முடிந்தது, என் இரண்டு விரல்களின் அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை. 5க்கு 3 என்று குறித்துக்கொண்டேன். இடக்கை 5. உள்ளங்கையை மேலே திருப்பும் பலமும் வலப்பக்கம் குறைவு. டிரைசெப்ஸ், மணிக்கட்டை மேலே தூக்குதல், தோளைப் பக்கவாட்டில் உயர்த்துதல் எல்லாம் முழு பலத்தோடு இருந்தன.

சுத்தியலால் பைசெப்ஸ் நாணைத் தட்டினேன். இடப்பக்கம் துள்ளியது, வலப்பக்கம் அசையவில்லை. மணிக்கட்டுக்கு மேலே பிரேக்கியோரேடியாலிஸைத் தட்டினேன், இரு பக்கமும் துள்ளின. பஞ்சால் தடவியபோது முன்கையின் வெளிப்பக்கப் பட்டையில் மட்டும் உணர்வு மங்கியிருந்தது. கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் தெளிவாக இருந்தது.

கழுத்தின் ஆறாம் வேர் பாதிக்கப்பட்டிருந்தால் இந்தப் படம் வராது. அப்போது மரத்துப்போதல் கட்டைவிரல், சுட்டுவிரல் வரை போகும். மணிக்கட்டைத் தூக்கும் பலமும் குறையும். பிரேக்கியோரேடியாலிஸின் துள்ளலும் மங்கும், ஏனெனில் அதே வேர் ரேடியல் நரம்பின் வழியாக அந்தத் தசைக்கும் போகிறது. கழுத்தைத் திருப்பினால் கைக்கு வலி பாய்வதும் உண்டு. இவரிடம் எதுவும் இல்லை. பழுது கழுத்தில் இல்லை, வேர்கள் ஒன்றாகி ஒரே நரம்பாக ஆன பிறகுதான்.

அந்த நரம்பில் எங்கே? பைசெப்ஸ், பிரேக்கியாலிஸ், தோல் மூன்றும் பாதிக்கப்பட்டதால், அவற்றுக்கான கிளைகள் பிரிவதற்கு மேலே. நான் முதல் படியில் சொன்ன சோதனையைச் செய்தபோது காக்கையலகுத் தசை கயிறு போல எழுந்தது, அதற்கான கிளை நரம்பு தசையைத் துளைப்பதற்கு முன்பே பிரிந்துவிடும். எனவே நெரிசல் துளைக்கும் இடத்திலேயே. சுருளைத் தோளில் வைத்து, கையை முன்னே உயர்த்தி மடக்கி அணைத்த நிலையில் அந்தத் தசை மணிக்கணக்காக இறுகியே இருந்திருக்கிறது. இப்படிக் கம்பளம் சுமப்பவர்களுக்கு வருவதாக மருத்துவ இலக்கியத்திலேயே பதிவுகள் உண்டு.

ஏழாம் படி: அதன் பிறகு

தோளில் சுமப்பதை முற்றிலும் நிறுத்தச் சொன்னேன். கழுத்துப் பட்டையைக் கழற்றினோம். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். மின்தசைப் பரிசோதனையை மூன்று வாரம் கழித்துச் செய்யலாம் என்று அவர் தள்ளி வைத்தார். இழைகள் உண்மையில் அறுந்திருந்தால் அந்த அடையாளம் தசையில் தெரிய இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும், முன்கூட்டிச் செய்தால் எல்லாம் நன்றாக இருப்பது போல ஏமாற்றிவிடும். அதுவரை முழங்கை விறைக்காமல் இருக்க ஒரு நாளைக்கு மூன்று முறை இடக்கையால் வலக்கையை மடக்கி நீட்டும் பயிற்சி மட்டும் கொடுத்தேன். மரத்த இடத்தில் சூடு தெரியாது என்பதால் சூடான சட்டி, பாத்திரங்களை அந்த முன்கையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

இங்கே எனக்கு வழிகாட்டியது எளிய ஒரு கணக்கு. இழைகள் அறுந்திருந்தால் அவை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். துளைக்கும் இடத்திலிருந்து பைசெப்ஸுக்குள் கிளை நுழையும் இடம் சுமார் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் அசைவுக்கே 80 நாள், அதாவது இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். இழைகள் அறாமல் நெரிசலால் வெறுமனே தடைபட்டிருந்தால் சில வாரங்களில் பலம் திரும்பத் தொடங்கும்.

மூன்றாம் வாரம் வந்தபோது என் நான்கு விரல்களின் எதிர்ப்பை அவரால் சிறிது தாங்க முடிந்தது. கணக்குப்படி அது தடைதான், அறுபடல் அல்ல. பரிசோதனையும் அப்படியே சொன்னது. ஆறாம் வாரம் 5க்கு 4. அப்போதுதான் அரைக் கிலோ எடையோடு, உள்ளங்கை மேலே பார்க்க, மெதுவாக மடக்கும் பயிற்சியைத் தொடங்கினோம். பத்தாம் வாரம் இரு கைகளுக்கும் பலத்தில் வேறுபாடு இல்லை. பைசெப்ஸ் துள்ளலும் திரும்பியிருந்தது. கடைசியாகத் திரும்பியது தோல் உணர்வு. மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே நாணயம் அளவில் ஓர் இடம் மட்டும் தைப்பூசம் வரை மரத்தே இருந்தது.

இப்போது கடையில் சுருள்களை இருவராகச் சேர்ந்து இடுப்பு உயரத்தில் தூக்குகிறார்கள், மாடிக்குத் தள்ளுவண்டி வாங்கிவிட்டார்கள். போன வாரம் தம்பி தன்னோடு வேலை செய்யும் இன்னொருவரை அழைத்து வந்தார். அவருக்குக் கட்டைவிரலும் சேர்ந்து மரத்திருந்தது, பிரேக்கியோரேடியாலிஸ் துள்ளவில்லை. அவரைக் கழுத்துக்குப் படம் எடுக்க அனுப்பினேன்.